1,920 டாலரில் நின்ற தங்கம்: உடைந்த தடை ஆதரவாகுமா?

2016 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறப் பிரிட்டன் வாக்களித்திருந்த பரபரப்பில், உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 1,375 டாலர் வரை ஏறியது. அதற்கு மேல் போகவில்லை. 2017 செப்டம்பரில் 1,357 வரை வந்து திரும்பியது. 2018 ஜனவரியில் 1,366 வரை வந்தது, ஏப்ரலிலும் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்து இறங்கிவிட்டது. 2019 பிப்ரவரியில் 1,346-க்கே மூச்சு வாங்கியது. மூன்று ஆண்டுகளாக ஒரே பட்டையில் விலை முட்டித் திரும்பியதால், 1,350 முதல் 1,375 வரை ஒரு தடைநிலை இருக்கிறது என்று சார்ட் பார்க்கிற எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது.

2019 ஜூன் 19 அன்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், வட்டியைக் குறைக்கத் தயாராக இருப்பதாகக் கோடிகாட்டியது. மறுநாள் தங்கம் அந்தப் பட்டையைத் தாண்டிப் பாய்ந்து, 25-ஆம் தேதிக்குள் 1,439-ஐத் தொட்டது. அந்த வாரக் கடைசியில் ஜப்பானின் ஒசாகாவில் ஜி20 மாநாடு. அங்கே டிரம்பும் ஷி ஜின்பிங்கும் வர்த்தகச் சண்டையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டார்கள். பதற்றம் குறைந்தால் தங்கத்துக்கு மவுசு குறையும். ஜூலை 1, திங்கட்கிழமை, விலை சரிந்து 1,382 டாலருக்கு வந்தது. தாண்டிய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது என்று சொல்லலாம்.

அடுத்த நாளே 1,410-க்கு மேல் ஏறிவிட்டது. ஜூலை இரண்டாவது வாரத்தில் இன்னொரு முறை 1,386 பக்கம் இறங்கிப் பார்த்தது. அங்கேயும் வாங்க ஆள் இருந்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் விலை 1,557.

தாண்டிய தடைக்கே விலை திரும்பி வந்து, அந்த இடம் இப்போது தாங்குகிறதா என்று பார்ப்பதைத்தான் ரீடெஸ்ட் என்கிறார்கள். தாங்கினால் பழைய தடைநிலை புதிய ஆதரவுநிலை. 1948-இல் எட்வர்ட்ஸ், மகீ என்ற இரண்டு அமெரிக்கர்கள் எழுதிய தொழில்நுட்ப ஆய்வுப் புத்தகத்திலேயே இந்த வேடமாற்றம் விளக்கப்பட்டிருக்கிறது. அன்று முதல் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரும்பாலும் 2019 ஜூலை போன்ற அழகான உதாரணத்தைக் காட்டித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அடுத்த ஆண்டே அதே தங்கத்தில் நடந்த தோல்வியை அவ்வளவாகக் காட்டுவதில்லை. எனக்கு அந்தத் தோல்வியில்தான் பாடம் அதிகம் இருப்பதாகத் தோன்றுகிறது.

அதற்குப் போகுமுன், ஒரு விலை எதற்காகத் தாங்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை வேண்டும். சார்ட்டில் இருக்கும் கோட்டுக்கு எந்த பலமும் கிடையாது. நேற்று 1,375-இல் என்ன செய்தோம் என்று நினைவு வைத்திருக்கும் மனிதர்களுக்குத்தான் பலம் உண்டு.

2019 ஜூலை 1 அன்று அந்த விலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் மூன்று வகையினர் உண்டு. முதல் வகை, விலை இதைத் தாண்டாது என்று நம்பி 1,360, 1,370-இல் விற்று வைத்தவர்கள். கையில் இல்லாததை விற்று, பிறகு குறைந்த விலைக்கு வாங்கிக் கணக்கை முடிக்க நினைத்த ஷார்ட் வியாபாரிகள். விலை 1,439-க்குப் போனபோது அவுன்ஸுக்கு எழுபது, எண்பது டாலர் நஷ்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மறுபடி 1,382 வந்ததும், சின்ன நஷ்டத்தோடு தப்பிக்கலாம் என்று வாங்கிக் கணக்கை முடிக்கிறார்கள். இரண்டாம் வகை, பழைய தடைக்கு அருகில் தங்கத்தை விற்றுவிட்டு, விலை ஓடுவதைப் பார்த்துக் கையைப் பிசைந்தவர்கள். விற்ற விலைக்கே மறுபடி கிடைக்கிறது என்றால் வாங்குகிறார்கள். மூன்றாம் வகை, உடைப்பு நடந்தபோது வாங்கத் தவறியவர்கள். கொஞ்சம் இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள், இறங்கியது, வாங்குகிறார்கள். மூன்று பேரும் மூன்று வேறு காரணங்களுக்காக ஒரே இடத்தில் வாங்கும் பக்கம் வந்து நிற்கிறார்கள். தடை ஆதரவாக மாறுவதன் ரகசியம் இவ்வளவுதான்.

இதை வெறும் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. கேரல் ஓஸ்லர் என்ற பொருளாதார ஆய்வாளர், 2000-இல் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். அந்நியச் செலாவணி வியாபாரிகளுக்காக நிறுவனங்கள் அன்றாடம் வெளியிட்ட ஆதரவு, தடை எண்களை எடுத்து, சும்மா தோராயமாகத் தேர்ந்தெடுத்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வெளியிடப்பட்ட எண்களில் விலை நின்று திரும்புவது அதிகமாகவே இருந்தது. 2003-இல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரை இன்னும் சுவையானது. ஒரு பெரிய வங்கிக்கு வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த ஆர்டர்களையே அதில் ஆராய்ந்தார். லாபத்தை எடுத்துக்கொண்டு வெளியேறச் சொல்லும் ஆர்டர்கள் முழு எண்களின் மேலேயே குவிந்திருந்தன. நஷ்டத்தை நிறுத்தச் சொல்லும் ஸ்டாப்லாஸ் ஆர்டர்களோ முழு எண்களைச் சற்றுத் தாண்டிக் குவிந்திருந்தன. அதனால், எல்லோருக்கும் தெரிந்த எண்ணை விலை தொடும்போது திரும்ப வாய்ப்பு அதிகம். தாண்டிவிட்டால் வேகம் பிடிக்கவும் வாய்ப்பு அதிகம். விலையைத் திருப்பிவிடும் ஆர்டர்களும் அதைக் கீழே தள்ளிவிடும் ஆர்டர்களும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கின்றன. தோற்ற ரீடெஸ்ட் சில சமயம் அத்தனை வேகமாகச் சரிவது இதனால்தான்.

இப்போது 2020.

தங்கத்தின் அதுவரையிலான உச்சம் 2011 செப்டம்பரில் தொட்ட சுமார் 1,920 டாலர். அதன் பிறகு நான்கு ஆண்டுகளில் விலை 1,050-க்கு அருகில் போய்விட்டது. உச்சத்தில் வாங்கியவர்கள் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள். கொரோனா வந்தது, மத்திய வங்கிகள் பணத்தைக் கொட்டின, வட்டி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போனது. 2020 ஜூலை 27 அன்று பழைய உச்சம் உடைந்தது. ஆகஸ்ட் 4 அன்று விலை 2,000-ஐத் தாண்டியது. ஆகஸ்ட் 7 அன்று 2,075. உடைத்துப் பத்தே வேலைநாளில் 150 டாலருக்கு மேல் ஏற்றம். பத்திரிகைகளில் தங்கம் முதல் பக்கத்துக்கு வந்தது.

ஆகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை. தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்துவிட்டதாக ரஷ்யா அறிவித்தது. அமெரிக்கக் கடன்பத்திரங்களின் வட்டியும் அந்த நாட்களில் ஏறத் தொடங்கியிருந்தது. தங்கம் ஒரே நாளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஏழு ஆண்டுகளில் அப்படி ஒரு நாள் சரிவு நடந்ததில்லை. மறுநாள் காலை மேலும் சரிந்து சுமார் 1,863-க்குப் போனது. உடைத்த 1,920-க்கு ஐம்பத்தேழு டாலர் கீழே. ஆனால் அன்று மாலைக்குள் விலை மீண்டு 1,915 பக்கம் முடிந்தது. அந்த வாரம் முடிந்தது 1,945 அருகில். அடுத்த செவ்வாயன்று 2,000-க்கு மேலேயே போய்வந்தது.

அன்றைய சார்ட்டை இப்போது எடுத்துப் பார்த்தாலும் அதைத் தோல்வி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பாடப்புத்தகத்தில் போடக்கூடிய ரீடெஸ்ட் அது: கோட்டுக்குக் கீழே எட்டிப் பார்த்த நீண்ட விக், அதன் மேலே முடிந்த வார கேண்டில். நம்பி வாங்கியவர்களைக் குறைசொல்ல முடியாது. 1,925-க்கு வாங்கி 1,860-இல் ஸ்டாப்லாஸ் போட்டிருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 12 அன்று மூன்று டாலர் வித்தியாசத்தில் தப்பித்திருப்பார். ஒரு வாரத்தில் அவுன்ஸுக்கு எண்பது டாலருக்கு மேல் லாபத்தையும் பார்த்திருப்பார்.

பிறகு நடந்தது மெதுவாக நடந்தது. ஆகஸ்ட் 18-இல் 2,015 வரை போன விலை, செப்டம்பர் முதல் தேதி 1,992-லேயே நின்றது. செப்டம்பர் நடுவில் 1,973. ஒவ்வொரு முறையும் 1,920-ஐ ஒட்டி வாங்க ஆள் வந்தார்கள், ஆனால் ஏற்றம் முந்தைய ஏற்றத்தைவிடக் குட்டையாகிக்கொண்டே போனது. ரீடெஸ்ட்டில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். விலை கோட்டைத் தொட்டதா, ஒரு டாலர் கீழே போனதா என்பதில் பெரிய விஷயம் இல்லை; தொட்ட பிறகு எவ்வளவு தூரம் விலகிப்போகிறது என்பதில் இருக்கிறது. 2019-இல் 1,382-ஐத் தொட்ட விலை மூன்றே வாரத்தில் ஜூன் மாத உச்சமான 1,439-ஐத் தாண்டிவிட்டது. 2020-இல் 2,075 பக்கம் விலை திரும்பக்கூட இல்லை. ஒரு ரீடெஸ்ட் வென்றதா என்று கேட்டால், உடைப்புக்குப் பின் தொட்ட உச்சத்தைத் தாண்டும்வரை வெல்லவில்லை என்றுதான் பதில் சொல்ல வேண்டும். அதுவரை வழக்கு நிலுவையில் இருக்கிறது.

செப்டம்பர் 21 வாரத்தில் தீர்ப்பின் முதல் பகுதி வந்தது. திங்கட்கிழமை 1,882 வரை இறங்கியது, வியாழக்கிழமை 1,848. நாம் சொன்ன நபரின் 1,860 ஸ்டாப்லாஸ் போய்விட்டது. வாரம் முடிந்தது 1,861-இல். இந்த முறை கீழே இருந்தது விக் இல்லை, வாரத்தின் முடிவு விலையே 1,920-க்கு அறுபது டாலர் கீழே. ஆகஸ்ட் 12 அன்றும் விலை கிட்டத்தட்ட இதே ஆழத்துக்குத்தான் போனது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆழம் ஒன்றுதான். அன்று சில மணி நேரத்தில் மீட்டார்கள், இன்று வாரக் கடைசி வரை யாரும் மீட்கவில்லை. ஒரு தோல்வியை ஆழத்தை வைத்து அளப்பதைவிடக் கீழே கழித்த காலத்தை வைத்து அளப்பது நம்பகமானது என்பதற்கு இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் மறைக்கக் கூடாது. செப்டம்பர் கடைசியில் தோற்ற விலை உடனே பாதாளத்துக்குப் போகவில்லை. அக்டோபர் முழுக்க 1,900-ஐச் சுற்றியே கிடந்தது. ஒரு வாரம் 1,930-இல் முடிந்தது, அடுத்த வாரமே 1,900-க்குக் கீழே. அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்த வாரத்தில், நவம்பர் 6 அன்று, 1,960-ஐத் தொட்டு 1,951 பக்கம் முடிந்தது. செப்டம்பரில் விற்றவர்கள், ஏமாந்துவிட்டோமோ என்று நினைத்திருப்பார்கள். பழைய கோட்டுக்கு மேலே வாரம் முடிந்துவிட்டது என்று பலர் மறுபடி வாங்கியிருப்பார்கள்.

நவம்பர் 9, திங்கட்கிழமை, ஃபைசர் நிறுவனம் தன் தடுப்பூசி 90 சதவீதத்துக்கு மேல் பலனளிப்பதாக அறிவித்தது. தங்கம் ஒரே நாளில் நான்கு சதவீதத்துக்கு மேல் விழுந்து 1,860 பக்கம் வந்தது. வெள்ளிக்கிழமை வாங்கியவருக்கு அவுன்ஸுக்குத் தொண்ணூறு டாலர் போச்சு. மாதக் கடைசியில் விலை 1,764. அந்த நவம்பரில் உலகெங்கும் உள்ள தங்க ஈடிஎஃப்களிலிருந்து நூறு டன்னுக்கு மேல் தங்கம் வெளியேறியது. ஓராண்டாக மாதாமாதம் உள்ளே வந்துகொண்டிருந்த பணம் திரும்பிப்போன மாதம் அது. 2021 மார்ச்சில் விலை 1,676 வரை இறங்கியது.

தோற்ற ரீடெஸ்ட் சொல்வது என்ன? பலர் இதை ஓர் ஆருடம் போல எடுத்துக்கொள்கிறார்கள். ஆதரவு உடைந்துவிட்டது, இனி விழும், விற்றுவிடு என்று. 1,920-இல் அப்படி விற்றவர்கள் ஆறு வாரம் நொந்துபோனார்கள் என்பதை இப்போதுதான் பார்த்தோம். தோல்வி சொல்லும் உறுதியான சேதி வேறு: மேலே வாங்கிய ஆட்கள் இப்போது எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்பது.

2020 ஜூலைக் கடைசி முதல் செப்டம்பர் நடு வரை தங்கம் வாங்கிய பெரும்பாலோர் 1,920-க்கும் 2,075-க்கும் நடுவில்தான் வாங்கியிருக்கிறார்கள். அந்த விலைகள்தான் அப்போது கிடைத்தன. செப்டம்பர் 25-இல் கிட்டத்தட்ட அவர்கள் எல்லோருமே நஷ்டத்தில். 2019 ஜூலையில் நஷ்டத்தில் மாட்டியிருந்தவர்கள் விற்று வைத்தவர்கள், ஆகவே விலை இறங்கியபோது வாங்கினார்கள். 2020-இல் மாட்டியவர்கள் வாங்கியவர்கள், ஆகவே விலை ஏறினால் விற்பார்கள். போட்ட காசு வந்தால் போதும் என்று நிற்பவரின் கை, வாங்கிய விலையை நெருங்கும்போதே விற்கும் பட்டனுக்குப் போகும். ஆட்கள் இப்படி இடம் மாறியதும் அந்தக் கோட்டின் வேலையும் மாறிவிடுகிறது.

இதற்கான சாட்சி எட்டு மாதம் கழித்து வந்தது. 2021 மார்ச்சிலிருந்து ஏறத் தொடங்கிய தங்கம், ஜூன் 1 அன்று 1,916 வரை வந்தது. 2011-இல் தடையாக இருந்து, 2020 ஆகஸ்டில் ஆதரவாக ஒரு முறை நடித்து, செப்டம்பரில் தோற்ற அதே எண்ணின் வாசல். அங்கேயே நின்று திரும்பியது. ஜூன் நடுவில் ஃபெடரல் ரிசர்வ், வட்டி உயர்வு முன்பு சொன்னதைவிடச் சீக்கிரம் வரலாம் என்று காட்டியதும், ஒரே வாரத்தில் 1,770-க்கு அருகே சரிந்தது. தோற்ற ரீடெஸ்ட் 2020 செப்டம்பரில் சொன்ன தகவல் 2021 ஜூனில் விற்பவர்களுக்குப் பயன்பட்டது.

காரணம் எதையும் அது சொல்லவில்லை என்பதும் முக்கியம். அமெரிக்காவின் பத்தாண்டுக் கடன்பத்திர வட்டி 2020 ஆகஸ்ட் தொடக்கத்தில் அரை சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நவம்பரில் 0.9-ஐத் தாண்டியது, 2021 மார்ச்சில் 1.7. வட்டி கிடைக்காத தங்கத்தை வைத்திருப்பவருக்கு, வட்டி தரும் பத்திரம் கவர்ச்சியாகிறது. உண்மையான சக்தி அங்கிருந்து வந்தது. அந்த சக்தி வாங்குபவர்களை வென்றுவிட்டது என்பதைத்தான் 1,920 காட்டியது; வட்டியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆகவே செய்தி மாறினால் தோல்வியும் காலாவதியாகும். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த பிறகு தங்கம் 1,920-ஐத் தாண்டி, மார்ச்சில் 2,070-க்குப் போய்விட்டது.

எண்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தங்கத்தின் ஸ்பாட் விலைக்கு ஒரே ஒரு பங்குச்சந்தை போன்ற இடம் கிடையாது. வங்கிகளும் வியாபாரிகளும் தங்களுக்குள் பேசி வாங்கி விற்கிறார்கள். அதனால் ஒரு நாளின் உச்ச விலை, எந்த நிறுவனத்தின் சார்ட்டைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துச் சில டாலர் மாறும். 2011-இன் உச்சம் ஒருவருக்கு 1,920, இன்னொருவருக்கு 1,921. ஆகவே கோடு என்று சொல்வது பேச்சுக்குத்தான், உண்மையில் அது ஒரு பட்டை. 2019-இல் விலை 1,375-ஐத் தொடாமல் 1,382-லேயே திரும்பியது. 1,375-க்கே வாங்குவேன் என்று ஆர்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போனவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இன்னொன்று நம் ஊர் வாசகருக்கு. நகைக்கடைப் பலகையில் எழுதியிருக்கும் கிராம் விலையில் இந்த 1,920 எங்கும் இல்லை. 2011 செப்டம்பரில் ஒரு டாலர் ஏறத்தாழ 46, 47 ரூபாய். 2020 ஜூலையில் 75 ரூபாய். டாலரில் பழைய உச்சத்தைத் தங்கம் தாண்டுவதற்கு வெகுமுன்பே ரூபாயில் தாண்டிவிட்டது, இறக்குமதி வரியும் ஏறியிருந்தது. 2020 ஆகஸ்டில் ரூபாய் விலையும் உலக விலையோடு சேர்ந்து உச்சத்தைத் தொட்டு இறங்கியது உண்மைதான். ஆனால் ஒன்பது ஆண்டு பழைய தடை, அதன் ரீடெஸ்ட் என்ற கதை டாலர் சார்ட்டில் மட்டும்தான். பணம் பெரும்பகுதி எந்தச் சந்தையில், எந்த நாணயத்தில் கைமாறுகிறதோ அங்கேதான் ஆட்களின் நினைவு இருக்கிறது. சென்னை விலையை வைத்து ஆதரவுக் கோடு வரைந்து காட்டும் வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

ரீடெஸ்ட் வந்தால் வாங்குவேன், வராவிட்டால் வேண்டாம் என்று விதி வைத்துக்கொள்பவர்கள் உண்டு. பார்க்க நிதானமான விதியாக இருக்கிறது. அதற்கும் ஒரு விலை உண்டு. சார்ட் வடிவங்களை ஆயிரக்கணக்கில் எண்ணிப் பார்த்த தாமஸ் புல்கோவ்ஸ்கி என்ற அமெரிக்கர், தடையை உடைத்த பங்குகளில் பாதிக்கு மேல் திரும்பி வந்து பார்க்கின்றன என்றும், திரும்பி வராதவையே சராசரியாக அதிகம் ஏறின என்றும் எழுதியிருக்கிறார். யோசித்தால் இதில் வியப்பில்லை. வாங்கும் கூட்டம் மிகப் பெரிதாக இருந்தால் விலை திரும்பி வர இடமே கிடைக்காது. ரீடெஸ்ட்டுக்காகக் காத்திருப்பவர், பலமான ஏற்றங்கள் சிலவற்றைத் தானே வடிகட்டி வெளியே விட்டுவிடுகிறார்.

அதற்கும் தங்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2020-இன் உச்சமான 2,075 அடுத்த தடையானது. 2022 மார்ச்சில் அங்கே திரும்பியது, 2023 மே மாதத்திலும் அதை ஒட்டியே திரும்பியது. 2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை, ஆசியச் சந்தை திறந்ததும் விலை திடீரென்று 2,135-க்கு மேல் எகிறியது. வியாபாரிகள் குறைவாக இருக்கும் நேரம் அது. சில நிறுவனங்களின் சார்ட்டில் உச்சம் 2,148 வரை காட்டுகிறது. அன்றே முழுவதும் இழந்து 2,030 பக்கம் முடிந்தது. இதைத் தோற்ற ரீடெஸ்ட் என்று சொல்லக் கூடாது, இது உடைப்பே தோற்றது. ரீடெஸ்ட்டுக்கு முன் விலை மேலே கொஞ்ச காலமாவது குடியிருக்க வேண்டும், அப்போதுதான் அங்கே மாட்டிக்கொள்ளவும் காப்பாற்றவும் போதிய ஆட்கள் இருப்பார்கள். சில மணி நேரத்தில் போய்வந்த இடத்தில் யாரும் அதிகம் வாங்கியிருக்க முடியாது. அதனால் அந்தத் தோல்வி பெரிய சேதமில்லாமல் முடிந்தது. விலை பிப்ரவரி நடுவில் ஒரு முறை 2,000-க்குச் சற்றுக் கீழே போய்விட்டு ஏறியது.

2024 மார்ச் 1 அன்று தங்கம் 2,080-க்கு மேல் முடிந்தது. மார்ச் 8 அன்று 2,195-ஐ நெருங்கியது. 2,075-க்குத் திரும்பி வரட்டும், வாங்கலாம் என்று ஏராளமானோர் காத்திருந்தார்கள். 2020-இன் காயம் நினைவிருந்தவர்கள் இன்னும் கவனமாகக் காத்திருந்திருப்பார்கள். மார்ச் 18 வாக்கில் விலை 2,146 வரை இறங்கியது. அங்கிருந்து மேலே போய், ஏப்ரல் 12 அன்று 2,430-ஐத் தொட்டது. 2025 அக்டோபரில் 4,000-ஐயும் தாண்டியது. 2,075 பக்கம் வரவேயில்லை.

ஆனால் அந்த 2,146-ஐக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். டிசம்பர் 4 அன்று ஆசிய நேரத்தில் விலை எகிறிய உச்சம் 2,135 முதல் 2,148 வரை என்று சொன்னோம். மார்ச்சில் விலை இறங்கி நின்றது அந்தப் பட்டையின் மேல்தான். ஒரு ரீடெஸ்ட் நடந்திருக்கிறது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த 2,075-இல் இல்லை, பெரும்பாலோர் கணக்கிலேயே எடுக்காத டிசம்பர் விக்கின் நுனியில். அங்கே மாட்டியவர்கள் அதிகம் இருக்க முடியாது என்று இப்போதுதான் எழுதினேன். ஆகவே ஆட்களின் நினைவு என்ற விளக்கம் இங்கே எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு தற்செயல் என்று பிரிப்பது கடினம். மார்ச் 20 அன்று ஃபெடரல் ரிசர்வ் அந்த ஆண்டுக்குள் மூன்று வட்டிக் குறைப்பு என்ற தன் கணிப்பை மாற்றாமல் வைத்ததும் விலையைத் தூக்கிவிட்டிருக்கும். அந்த வாரம் 2,150-இல் வாங்கி 2,120-இல் ஸ்டாப்லாஸ் வைத்த ஒருவர், முப்பது டாலர் நஷ்டத்துக்குத் துணிந்து, நான்கு வாரத்துக்குள் 280 டாலர் லாபத்தைப் பார்த்திருப்பார். 2,080-இல் ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருந்தவரின் ஆர்டர் நிறைவேறவேயில்லை.